புது ஊசி போட்டால் போதுமா?



நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. என் தங்கையின் மருமகள் போட்டது. அவளுக்கு அப்போது ஆறாம் மாதம் தொடக்கம். இடது மணிக்கட்டில் இரண்டு குட்டிப் பாதங்கள், கீழே ஒரு சின்ன இதயம். பொருட்காட்சிக்குப் போன இடத்தில் ஒரு கடையில் டாட்டூ குத்திக்கொண்டு வந்திருக்கிறாள். அரை மணி நேரத்தில் முப்பது நாற்பது பேர் பூவும் இதயமும் போட்டுவிட்டார்கள். நான் ஒரே ஒரு வரிதான் எழுதினேன்: "அழகா இருக்கும்மா, டாக்டர்கிட்ட சொன்னியா?"

அவ்வளவுதான். "டீச்சர் ஆரம்பிச்சிட்டாங்க" என்றான் ஒருவன். "பெரியம்மா, இது உங்க காலம் இல்ல" என்றாள் ஒருத்தி. என் வயதுக்காரி ஒருத்தி, "நம்ம பாட்டிங்க எல்லாம் கை முழுக்கப் பச்சை குத்திக்கிட்டு பத்துப் பிள்ளை பெறலையா?" என்று கேட்டாள். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்து, இப்போது சொந்தமாக டாட்டூ கடை வைத்திருக்கும் ஒரு பையன் தனியாக எழுதினான்: "டீச்சர், இப்பல்லாம் எல்லாரும் புது ஊசிதான் போடறோம். சும்மா பயமுறுத்தாதீங்க."

குழுவில் பதில் சொன்னால் குடும்பச் சண்டை ஆகிவிடும் என்று அன்று விட்டுவிட்டேன். இன்று இங்கே எழுதுகிறேன். அந்தப் பெண்ணிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க பெரியம்மா, பேரு மட்டும் வேண்டாம்" என்றாள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு டாட்டூ மேல் கோபம் கிடையாது. என் அப்பாயி கை இரண்டிலும் கோலம் கோலமாகப் பச்சை. சாகிற வரை அதைத் தடவித் தடவிப் பெருமைப்பட்டுக்கொள்வார். மஞ்சளும் அகத்திக்கீரையும் துணியில் வைத்துக் கருக்கி, அந்தக் கரியைக் குழைத்து, ஊர் ஊராக வருகிற ஒரு அம்மா குத்திவிட்டுப் போவாராம். "கலாச்சாரம் கெட்டுப்போச்சு" என்று டாட்டூவைத் திட்டுகிறவர்கள் தங்கள் பாட்டி கையைப் பார்த்ததில்லை என்றுதான் நான் நினைப்பேன். உங்கள் உடம்பு, உங்கள் ஆசை. என் சண்டை அந்தப் பத்து மாதத்தைப் பற்றி மட்டும்தான். அந்தப் பத்து மாதத்தில் ஊசி ஒருத்தியைக் குத்துவதில்லை, இரண்டு பேரைக் குத்துகிறது.

இப்போது "புது ஊசி" விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெண்ணின் கணவன் டாட்டூ குத்துவதை முழுவதும் வீடியோ எடுத்து வைத்திருந்தான். அனுப்பச் சொல்லி வாங்கி, விடைத்தாள் திருத்துகிற மாதிரி இரண்டு தடவை பார்த்தேன். கடைக்காரப் பையன் பொய் சொல்லவில்லை. கேமராவுக்குக் காட்டி, ஒட்டிய பாக்கெட்டைக் கிழித்து, புது ஊசிதான் எடுத்தான். புதுக் கையுறையும் போட்டான். அதற்கு முழு மதிப்பெண் கொடுத்துவிட்டேன்.

அடுத்து என்ன செய்தான் என்று பாருங்கள். மேசையில் மையுக்கான சின்ன மூடிக் கிண்ணம் ஒன்று இருந்தது. அது புதிதாக ஊற்றியது இல்லை. வீடியோ ஆரம்பிக்கும்போதே பாதி மையோடு இருந்தது. முந்தைய ஆளுக்கு ஊற்றியதன் மிச்சமா, யார் கண்டது? குத்துகிற இடத்தில் ரத்தமும் மையும் கசியும். அதைத் துடைக்க ஒரு ஸ்பிரே பாட்டில். ரத்தம் பட்ட கையுறையோடு பாட்டிலைப் பிடிக்கிறான், அடிக்கிறான், வைக்கிறான். படம் சரியா என்று பார்க்க அதே கையால் போனைத் தொடுகிறான். திரும்பவும் அதே கையோடு அவள் மணிக்கட்டு. அந்த பாட்டில் காலையிலிருந்து எத்தனை பேரின் ரத்தம் பட்ட கையுறைகளைப் பார்த்திருக்கும்? இவளுக்கு முன்னால் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார், பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். இடையில் மேசையைத் துடைத்ததாக வீடியோவில் இல்லை. கை கழுவ அந்தக் கடையில் குழாயே இல்லை.

ஊசி தோலின் மேல் படுவதில்லை. மேல்தோலைத் தாண்டி ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் உள்ளே, ரத்தக் குழாய் ஓடுகிற அடுக்குக்குப் போகிறது. அங்கே மை தங்கினால்தான் டாட்டூ அழியாமல் நிற்கும். ஒரு தடவை இல்லை, நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில். ஆக, ஊசி புதிதா என்பது பாதிக் கேள்விதான். அந்த ஊசி எதில் முங்கி எழுந்து உள்ளே போகிறது என்பது மீதிப் பாதி. அழுக்குக் குவளையில் புது ஸ்ட்ரா போட்டுக் குடித்தால் தண்ணீர் சுத்தமாகிவிடுமா?

என் மாணவனிடம் இதைத்தான் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது: "டீச்சர், நான் கிண்ணத்தை ஒவ்வொருத்தருக்கும் மாத்துவேன். பாட்டிலுக்கும் மெஷினுக்கும் பிளாஸ்டிக் உறை போடுவேன், ஆளுக்கு ஆள் கழற்றிப் போடுவேன். ஸ்டால் போடறவங்க பண்றது எனக்குத் தெரியாது." நல்ல பிள்ளை. "கர்ப்பிணி வந்தா குத்துவியா?" என்று கேட்டேன். "மாட்டேன் டீச்சர், பிரசவம் ஆகட்டும்னு அனுப்பிடுவேன்" என்றான். அப்புறம் என்னோடு என்னடா சண்டை உனக்கு?

அடுத்து பயம் பற்றி. நான் பயமுறுத்துகிறேன் என்கிறார்கள். உண்மையில் நம் ஆட்கள் தப்பான பேயைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். டாட்டூ என்றதும் எய்ட்ஸ் என்று ஒரு ஃபார்வர்டு வந்துவிடும். எச்.ஐ.வி. கிருமி உடம்புக்கு வெளியே, காய்ந்த இடத்தில், சீக்கிரம் வலுவிழந்துவிடும். நான் பயப்படுவது ஹெபடைடிஸ் பி-க்கு. கல்லீரலைத் தாக்கும் வைரஸ் அது. காய்ந்துபோன ரத்தத் துளியில், கண்ணுக்கே தெரியாத அளவில், மேசையிலோ பாட்டிலிலோ குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். மருத்துவமனை ஊழியர்களுக்கு நோயாளியின் ஊசி குத்திவிட்டால் தொற்றும் வாய்ப்புக்கு ஒரு கணக்கு சொல்வார்கள்: எச்.ஐ.வி. என்றால் 1000 பேரில் 3 பேர், ஹெபடைடிஸ் சி என்றால் 100 பேரில் 2 பேருக்கும் குறைவு, ஹெபடைடிஸ் பி என்றால், தடுப்பூசி போடாதவர்களில் 100க்கு 30 பேர் வரை. அந்த 30ஐ விட்டுவிட்டு 1000க்கு 3ஐப் பிடித்துக்கொண்டு ஃபார்வர்டு பண்ணுகிறோம்.

சரி, கர்ப்பிணிக்கு ஏன் தனியாகச் சொல்ல வேண்டும்? பெரியவர்களுக்கு ஹெபடைடிஸ் பி வந்தால் 100 பேரில் 95 பேருக்கு மேல் தானாகவே அதை வென்று வெளியே வந்துவிடுவார்கள். கொஞ்சம் காமாலை, கொஞ்சம் அசதி. பல பேருக்கு வந்ததே தெரியாது. பிறக்கும்போது தாயிடமிருந்து வாங்கிக்கொள்ளும் குழந்தைக்குக் கணக்கு அப்படியே தலைகீழ். அந்தக் குழந்தைகளில் 100க்கு 90 பேருக்கு அது வாழ்நாள் முழுவதும் கல்லீரலில் தங்கிவிடும். பிள்ளை ஓடும், ஆடும், பரீட்சை எழுதும். முப்பது நாற்பது வயதில் சிலருக்குக் கல்லீரல் சுருங்கும், சிலருக்குப் புற்றுநோய் வரும். தாயை லேசாகத் தட்டிவிட்டுப் பிள்ளையைப் பிடித்துக்கொள்கிற நோய் இது.

"பாட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று கேட்டவளுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அந்தக் காலத்தில் நாற்பது வயதில் வயிறு உப்பி, கண் மஞ்சளாகி, "மகோதரம்" என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போனவர்களை நாம் பார்த்ததில்லையா? கீழாநெல்லி கேட்கவில்லை, விதி முடிந்தது என்றோம். எதனால் வந்தது என்று யார் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்? சாராயம் தொடாதவர்களும் அதில் உண்டு. பார்க்காமல் இருந்ததை இல்லை என்று சொல்லக்கூடாது, இதை ஏழாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இதற்காகத்தான் பதிவே.

கர்ப்பம் பதிவு செய்ததும், மூன்றாம் மாதத்துக்குள் ரத்தப் பரிசோதனை செய்வார்கள். எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி எல்லாம் அதில் பார்ப்பார்கள். நம் பெண்ணுக்கும் பார்த்தார்கள், எல்லாம் 'நெகட்டிவ்'. அட்டையில் எழுதிவிட்டார்கள். எல்லோரும் நிம்மதியாகிவிட்டோம். அந்த நெகட்டிவ் எதைச் சொல்கிறது? ரத்தம் எடுத்த நாள் வரைக்கும் உள்ள கதையை. அவள் டாட்டூ குத்தியது அதற்குப் பத்து வாரம் கழித்து. அதன்பின் எல்லோருக்கும் திரும்ப ஒரு தடவை ஹெபடைடிஸ் பி பார்க்கும் வழக்கம் இல்லை. அவளாகச் சொன்னால்தான் பார்ப்பார்கள். பிரசவ அறையில் டாக்டர் அட்டையைப் பார்ப்பார், நெகட்டிவ் என்று இருக்கும், அதை நம்புவார். ஏன் நம்பக்கூடாது?

அதில் என்ன போய்விடும்? தாய்க்கு ஹெபடைடிஸ் பி இருக்கிறது என்று தெரிந்தால், குழந்தை பிறந்து 12 மணி நேரத்துக்குள் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு ஊசியும் போடுவார்கள். அது, கிருமியை உடனே எதிர்க்கும் தயார் நிலை எதிர்ப்பொருள். தாய்க்குக் கிருமி அதிகமாக இருந்தால் கடைசி மூன்று மாதத்தில் மாத்திரையும் தருவார்கள். இவ்வளவும் செய்தால் பெரும்பாலான குழந்தைகள் தப்பித்துவிடும். தெரியாவிட்டால்? நம் ஊரில் பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடுகிறார்கள். அது பெரிய காவல்தான், மறுக்கவில்லை. ஆனால் புதிதாகத் தொற்றிய தாயின் ரத்தத்தில் கிருமி ஏராளமாக இருக்கும். அப்போது தடுப்பூசி மட்டும் சில குழந்தைகளுக்குப் போதாமல் போகும். முதல் மாதங்களில் தொற்றினால் பிள்ளைக்குப் போவது குறைவு. பிரசவத்தை நெருங்க நெருங்க அதிகம். வளைகாப்பு, போட்டோஷூட் என்று நம் பெண்கள் ஆசைப்படுவது எந்த மாதங்களில் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இந்தியாவில் எல்லாக் குழந்தைகளுக்குமான தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி நாடு முழுக்கச் சேர்ந்தது 2011ல்தான். அதற்கு முன் சில மாவட்டங்களிலும் சில மாநிலங்களிலும் மட்டும், மற்றபடி காசு கொடுத்துப் போட்டால்தான் உண்டு. ஆக இன்று பிள்ளை பெறும் வயதில் இருக்கிற என் மாணவிகளில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் அது போட்டிருக்காது என்பது என் ஊகம். வீட்டில் பழைய அட்டை இருந்தால் எடுத்துப் பாருங்கள். ரத்த தான முகாமில், டாட்டூ குத்திய ஒரு வருடத்துக்கு ரத்தம் வாங்க மாட்டோம் என்று திருப்பி அனுப்புகிறார்களே, பையன்களுக்குத் தெரியும். ஊர் பேர் தெரியாத ஒருவருக்கு ஒரு பை ரத்தம் கொடுக்க அந்த ஒரு வருட எச்சரிக்கை. வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு வேண்டாமா?

"அழகா ஆறிடுச்சு பெரியம்மா, ஒண்ணுமே இல்ல" என்று மருமகள் கையைக் காட்டினாள். உண்மைதான், சீழ் இல்லை, சிவப்பு இல்லை. சீழ் பிடித்தால் நாமே ஓடிவிடுவோம்; ஹெபடைடிஸ் பி தோலில் எந்த அடையாளமும் வைக்காது. தோலில் காட்டுகிற கிருமியும் உண்டு. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் ரோசெஸ்டர் என்ற ஊரில் 2011ல் ஒரே மாதிரி சாம்பல் நிற டாட்டூ குத்தியவர்களுக்கு, ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் டாட்டூ மேலேயே சிவப்புச் சிவப்பாகப் பொரிப் பொரியாக வந்தது. காசநோய்க் கிருமியின் தூரத்து உறவான ஒரு கிருமி. ஊசியில் குறை இல்லை. கம்பெனியிலிருந்து வந்த மையிலேயே அது இருந்திருக்கிறது. அதற்கு மாதக் கணக்கில் மருந்து சாப்பிட வேண்டும், அந்த மருந்துகளில் சிலவற்றைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கத் தயங்குவார்கள். கடைக்காரன் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் மை புட்டிக்குள் இருப்பது அவன் கையில் இல்லை. அதனால்தான் நல்ல கடையாகப் பார்த்துப் போகிறேன் என்று சொல்லும் பெண்ணுக்கும் பிரசவம் ஆகட்டும் என்கிறேன்.

இதுவரை சின்னவர்களைத் திட்டினேன். இனி என் வயதுக்காரிகள்.

மருமகளை டாட்டூவுக்காகக் குழுவில் என்னைவிடக் கடுமையாகப் பேசிய ஒரு அண்ணி, தன் மருமகளுக்குச் சீமந்தத்துக்கு முந்தின வாரம் வைர மூக்குத்தி போட வேண்டும் என்று ஆசாரியை வீட்டுக்கே வரவழைத்தவர். கூட இருந்த இரண்டு பேத்திகளுக்கும் அன்றைக்கே குத்தியாகிவிட்டது. மூன்று மூக்குக்கும் ஒரே கம்பி. நடுவில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தார். அது சம்பிரதாயம், இது நாகரிகமா? கிருமிக்குச் சம்பிரதாயம் தெரியாது. கர்ப்ப காலத்தில் மூக்கின் உட்பக்கம் ரத்த ஓட்டம் கூடி வீங்கியிருக்கும். பல பேருக்கு மூக்கடைப்பும் லேசான ரத்தக் கசிவும் இருக்கும். அந்த நேரத்தில் குத்தினால் ரத்தம் அதிகம் வரும், ஆறுவது தாமதம். தோலைச் சீழ் பிடிக்க வைக்கும் கிருமியும் பல பேரின் மூக்குக்குள்தான் சும்மா உட்கார்ந்திருக்கும். அந்தப் பெண் சீமந்தத்து அன்று வீங்கிய மூக்கோடு மணையில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் "திருஷ்டி" என்றார்கள்.

கடையில் துப்பாக்கி வைத்துக் குத்தினால் சுத்தம் என்று நினைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தத் துப்பாக்கி பெரும்பாலும் பிளாஸ்டிக். மருத்துவக் கருவிகளை 121 டிகிரி நீராவியில், அழுத்தத்தில் வைத்துச் சுத்தப்படுத்துவார்கள். பிளாஸ்டிக் துப்பாக்கி அதில் உருகிவிடும். அதனால் ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பதோடு சரி. காதுமடல் தாண்டி மேல்காதில், குருத்தெலும்பில், இதால் குத்துவது யாருக்குமே நல்லதல்ல. அங்கே சீழ் பிடித்தால் காதே சுருங்கிவிடும்.

2024 டிசம்பரில் திருச்சியில் நாக்கைப் பிளந்துவிட்ட டாட்டூ கடைக்குச் சீல் வைத்தார்கள், ஊரே பேசியது. நாக்கைப் பற்றிப் பேசினோம். மை மூடியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

மருதாணி வைக்கலாமா என்று கேட்கப் போகிறீர்கள். அரைத்த இலை தாராளமாக வையுங்கள், அதில் ஊசி இல்லை. "அஞ்சு நிமிஷத்தில் கறுப்பு" என்று வருகிற கோன் வேண்டாம். மருதாணி கறுப்பாகச் சிவக்காது. கறுப்பு என்றால் தலைமுடிச் சாயத்தில் போடும் மருந்து கலந்திருக்கும். அது கையைக் கொப்பளிக்க வைக்கும்.

சரி, நம் பெண்ணுக்கு என்ன செய்தோம் என்று சொல்லி முடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை குத்தியது. புதன்கிழமை படம் போட்டாள். குழுவில் நடந்த சண்டையில் இரண்டு நாள் போனது. அது என் ஆற்றாமை, ஏனென்றால் இப்படி ஊசி பட்டால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை 24 மணி நேரத்துக்குள் போடுவதுதான் உத்தமம். வெள்ளிக்கிழமை காலை நானே கூட்டிக்கொண்டு போனேன். சீட்டுப் போடுகிற இடத்தில், "ஏற்கெனவே பார்த்தாச்சே, எல்லாம் நார்மல்னு இருக்கே" என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். நான் நகரவில்லை. "அதுக்கப்புறம் டாட்டூ குத்தியிருக்கா, டாக்டரைப் பார்க்கணும்" என்று மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை உள்ளே விட்டார்கள்.

டாக்டர் திட்டவில்லை. தேதியைக் கேட்டு அட்டையில் சிவப்பு மையில் எழுதினார். அன்றே ரத்தம் எடுத்தார். அதுவும் நெகட்டிவ்தான்; ஆனால் தொற்றி ஐந்து நாளில் ஒன்றும் தெரியாது, சராசரியாக ஒரு மாதம் ஆகும், சிலருக்கு இரண்டு மாதம் என்றார். அன்றே முதல் தடுப்பூசி போட்டார். கர்ப்ப காலத்தில் அதைப் போடலாம். ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. இரண்டையும் சேர்த்து ஆறு வாரத்தில் ஒரு முறை, பிரசவத்துக்கு முன் ஒரு முறை திரும்பப் பார்க்கச் சொன்னார். நடுவில் கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கட்டன் காபி நிறத்தில் போனாலோ, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டினாலோ தேதிக்குக் காத்திருக்காமல் வரச் சொன்னார்.

நேற்று இரண்டாவது ஊசி போட்டாயிற்று. வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்ததும் அவள் அந்தக் குட்டிப் பாதங்களைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். "மூடாதே, உன் பிள்ளை பாதம்தானே" என்றேன். "ஒண்ணும் வந்திருக்காதுல்ல பெரியம்மா?" என்று கேட்டாள். "வராமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்" என்றேன். அது உண்மை. வீடு வரும் வரை இரண்டு பேரும் அதற்குமேல் பேசவில்லை.

ஆறு வாரப் பரிசோதனை இன்னும் இரண்டு வாரத்தில், வெள்ளிக்கிழமை. நானும் கூடப் போகிறேன். உங்கள் வீட்டில் இந்த மாதங்களில் குத்திக்கொண்ட பெண் யாராவது இருந்தால் இங்கே பின்னூட்டத்தில் பெயர் போட வேண்டாம். என்றைக்குக் குத்தியது என்ற தேதியை ஒரு தாளில் எழுதி, அட்டையோடு சேர்த்து டாக்டர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். சீட்டுப் போடுகிற இடத்தில் "நார்மல்தான்" என்று திருப்பி அனுப்பினால் மூன்று தடவை சொல்லச் சொல்லுங்கள்.